ஸ்டாஃப் ரூமில் ஒதுக்கப்படும் புது ஆசிரியருக்கு: எதை, எப்போது, எப்படி எழுதி வைப்பது

புதிதாக ஒரு பள்ளியில் சேர்ந்திருக்கிறீர்கள். யாரும் உங்களைத் திட்டவில்லை, சண்டைக்கும் வரவில்லை. ஆனால் நீங்கள் ஸ்டாஃப் ரூமுக்குள் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது, போர்ஷன் மாறியது உங்களுக்கு மட்டும் தெரியவில்லை, போன வருஷத்து கொஸ்டின் பேப்பர் கேட்டால் "தேடிப் பார்த்துத் தரேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சையே மறந்துவிடுகிறார்கள். இதை ஹெச்.எம்.மிடம் சொல்லப் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அவங்க என்ன செஞ்சாங்க?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது, ஏனென்றால் அவர்கள் ஒன்றும் செய்யவில்லை, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

செய்யாமல் விட்டதை நிரூபிக்க ஒரே வழிதான் உண்டு. இன்ன பொருளைக் கேட்டேன், இந்தத் தேதியில் கேட்டேன், இன்றுவரை வரவில்லை, அதனால் என் வகுப்பில் இது நடந்தது என்று நான்கும் வரிசையாகக் காகிதத்தில் இருக்க வேண்டும். நான் இதையெல்லாம் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. உங்களுக்கு வர வேண்டியவை என்னென்ன என்று முதலில் பட்டியல் போடுங்கள்

"என்னை ஒதுக்குகிறார்கள்" என்பது மனதில் படுவது, அதை யாராலும் சரிபார்க்க முடியாது. "எட்டாம் வகுப்பு அறிவியல் போர்ஷன் பிரிப்பு எனக்குத் தரப்படவில்லை" என்பதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அதனால் ஒரு தாளில், உங்கள் பாடத்தை நடத்த எதெல்லாம் கையில் இருக்க வேண்டுமோ அதை மட்டும் எழுதுங்கள். பெரும்பாலும் இவைதான் வரும்: பருவவாரியான போர்ஷன் பிரிப்பு, லெசன் பிளான் படிவம், வினாத்தாள் ப்ளூபிரிண்ட், பழைய வினாத்தாள்கள், மதிப்பெண் ஏற்றும் கடைசித் தேதி, லேப் அல்லது பீரோ சாவி, பொது ஃபோல்டருக்கான அனுமதி, துறை வாட்ஸ்அப் குழு, சப்ஸ்டிட்யூஷன் பட்டியல்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யார் பொறுப்பில் இருக்கிறது என்றும், உங்கள் கைக்கு வந்ததா, வந்தால் என்றைக்கு என்றும் குறியுங்கள். பொறுப்பு யாருடையது என்று தெரியவில்லை என்றால் அலுவலகத்தில் கேளுங்கள். ஸ்டாஃப் ரூமில் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார், அதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும்.

மதியம் உங்களைச் சாப்பிடக் கூப்பிடாதது, வணக்கம் சொன்னால் திரும்பிப் பார்க்காதது, இதெல்லாம் இந்தப் பட்டியலில் வரக் கூடாது. அவை வலிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் உங்களோடு நட்பாக இருந்தே தீர வேண்டும் என்று எந்தப் பணிவிதியும் சொல்லாது. வேலைக்குத் தேவையானதைத் தர வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால், படிப்பவர் முதலாவதைப் பிடித்துக்கொண்டு "பழகப் பழகச் சரியாகிடும்" என்று முடித்துவிடுவார்.

2. கவனக்குறைவா, ஒதுக்கலா என்று பிரித்துப் பாருங்கள்

பல பள்ளிகளில் புதியவருக்கு எதையும் எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடே கிடையாது. எல்லோரும் அவரவர் வேலையில் மூச்சுமுட்டிக் கிடப்பார்கள். அதைப் போய் ஒதுக்கல் என்று புகார் செய்தால் உங்கள் பேச்சின் எடை போய்விடும். அதனால் முதல் இரண்டு வாரம் குற்றம்சாட்டும் மனநிலை இல்லாமல் கவனியுங்கள்.

என் அனுபவத்தில் மூன்று கேள்விகள் போதும். உங்களோடு சேர்ந்த வேறொரு புதியவருக்கு அதே பொருள் கிடைத்ததா? எழுத்தில் கேட்ட பிறகு வந்ததா, இல்லை அப்போதும் வரவில்லையா? ஒரே கூட்டத்தாரிடமிருந்து மட்டும் வராமல் இருக்கிறதா, இல்லை எல்லோரிடமிருந்துமா? கவனக்குறைவு என்றால் ஒரு முறை நினைவுபடுத்தியதும் சரியாகிவிடும். நினைவுபடுத்திய பிறகும் அதே ஆட்கள், அதே விதமான பொருள், ஒவ்வொரு முறையும் தேர்வுக்கோ ஆய்வுக்கோ முன்னால் என்று வந்தால் அதை ஒதுக்கல் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

பணியிடத் துன்புறுத்தலை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் 22 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. அதில் முதல் கேள்வியே, உங்கள் வேலையைப் பாதிக்கும் தகவலை யாராவது உங்களிடமிருந்து மறைக்கிறார்களா என்பதுதான், அதுவும் எத்தனை அடிக்கடி என்று சேர்த்துக் கேட்கிறது. இது உங்கள் கற்பனை இல்லை என்று தெரிந்துகொள்ள அது போதும். கூடவே, "வேலையைப் பாதிக்கும்", "எத்தனை அடிக்கடி" என்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் குறிப்புகள் முழுக்க இந்த இரண்டின் மேல்தான் நிற்க வேண்டும்.

3. வாய்ப்பேச்சை அன்றைக்கே எழுத்தாக்குங்கள்

இந்த ஒரு படியைச் செய்யாமல் மற்றதெல்லாம் செய்தும் பயனில்லை. வாயால் கேட்டீர்கள், வாயால் "தரேன்" என்றார். ஒரு மாதம் கழித்து, "என்கிட்ட கேட்கவே இல்லையே" என்பார். அப்போது உங்கள் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை, அவருக்கு ஆதரவாக இன்னும் நான்கு பேர்.

அதனால் பேசி முடித்த அன்று மாலைக்குள் ஒரு சின்ன மின்னஞ்சல். வாட்ஸ்அப்பைவிட மின்னஞ்சல் நல்லது, அதிலும் பள்ளி கொடுத்த முகவரியிலிருந்து. தொனி சாதாரணமாக, நன்றியோடு இருக்கட்டும். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம் மேடம். இன்று மூன்றாம் பீரியட் முடிந்ததும் எட்டாம் வகுப்பு அறிவியல் இடைப்பருவத் தேர்வு போர்ஷன் பற்றிக் கேட்டிருந்தேன், பார்த்துச் சொல்வதாகச் சொன்னீர்கள். என்னிடம் உள்ள பிரிப்பின்படி ஒலி, ஒளி, காற்று மூன்று பாடங்கள். இதில் மாற்றம் இருந்தால் வியாழக்கிழமைக்குள் தெரிவித்தால் 8-சி பிரிவுக்கு முடித்துவிட வசதியாக இருக்கும். நன்றி."

இதில் கவனிக்க வேண்டியது, என்றைக்குக் கேட்டேன் என்பது இருக்கிறது, என்ன பதில் வந்தது என்பது இருக்கிறது, எதற்காக என்றும் எந்த நாளுக்குள் என்றும் இருக்கிறது. குறை சொல்லும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. பதில் வந்தால் வேலை முடிந்தது, அதைவிட நல்லது வேறில்லை. வராவிட்டால் அந்த மௌனமே ஆவணம். சொன்ன நாள் தாண்டியதும், அதே மின்னஞ்சலுக்கே பதிலாக ஒரே ஒரு வரி நினைவூட்டல் அனுப்புங்கள். புதிதாக ஒன்று தொடங்காதீர்கள், ஒரே இழையில் இருந்தால்தான் பின்னால் படிப்பவருக்குப் புரியும்.

முதல் மின்னஞ்சலிலேயே ஹெச்.எம்.மை சிசியில் போட்டுவிடாதீர்கள். அது போர் அறிவிப்பு மாதிரி ஆகிவிடும், அதோடு "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பும் கிடைத்துவிடும். இரண்டாவது நினைவூட்டலில் துறைத் தலைவரைச் சேர்க்கலாம். துறைத் தலைவரே அந்தக் கூட்டத்தின் நடுநாயகம் என்றால் அவரிடம் நேரடியாகவே கேளுங்கள், அடுத்த நினைவூட்டலில் அவருக்கு மேலே இருப்பவரைச் சேருங்கள்.

4. நாட்குறிப்பு: ஒரு நிகழ்வுக்கு ஆறு வரி

பக்க எண் போட்ட, தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும் தைத்த நோட்டு ஒன்று வாங்குங்கள். நாளடைவில் இடையில் செருகியதாகவோ பிற்பாடு சேர்த்ததாகவோ யாரும் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இது. நடந்த அன்றே எழுதுங்கள், அதிகபட்சம் மறுநாள் காலை. மூன்று வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் அதை அப்படியே, "பின்னர் எழுதியது" என்று குறித்துவிட்டு எழுதுங்கள். மறைத்துப் பிடிபட்டால் மொத்த நோட்டும் வீண்.

ஆறு வரிகளில் வர வேண்டியவை: தேதியும் நேரமும், இடம், யார் யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தைகள் அப்படியே, நீங்கள் என்ன செய்தீர்கள், வகுப்பில் என்ன பாதிப்பு. என் நோட்டின் ஒரு பகுதியை, ஆட்களை நீக்கிவிட்டுத் தருகிறேன்:

"ஆகஸ்ட் 4, திங்கள், காலை 11.20, ஸ்டாஃப் ரூம். நான், 8-ஏ, 8-பி அறிவியல் ஆசிரியர்கள். போர்ஷன் மாற்றம் உண்டா என்று கேட்டேன். 8-ஏ ஆசிரியர்: 'பார்த்துச் சொல்றேன்.' மாலை 4.05க்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன். பதில் இல்லை. மாலை 3.50க்கு நினைவூட்டல்.

ஆகஸ்ட் 11, திங்கள், மதியம் 12.40, 8-சி வகுப்பறை. 'அமிலங்களும் காரங்களும்' பாடமும் தேர்வுக்கு உண்டாமே, ஒலி பாடம் இல்லையாமே என்று ஒரு மாணவர் கேட்டார், 8-ஏ பிரிவு நண்பர் சொன்னதாகச் சொன்னார். 1.10க்கு துறைத் தலைவரிடம் நேரில் கேட்டேன். 'போன மாசமே மாத்தியாச்சே, குரூப்ல போட்டோமே' என்றார். அந்தக் குழுவில் நான் இல்லை என்று சொன்னேன். 'ஓ, அப்படியா' என்றார். மாலை 4.00க்கு மின்னஞ்சலில் உறுதிசெய்தேன். தேர்வு ஆகஸ்ட் 18. ஒலி பாடத்துக்கு ஆறு பீரியட் செலவாகிவிட்டது. அமிலங்கள் பாடத்துக்கு மிச்சம் இருப்பது நான்கு பீரியட்."

இதில் "வேண்டுமென்றே மறைத்தார்" என்று ஓர் இடத்திலும் இல்லை. அந்த வார்த்தையை எழுதத்தான் கை துடிக்கும். எழுதாதீர்கள், ஏனென்றால் நோக்கத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும், அது முடியாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆம் உடன்படிக்கைகூட, தீங்கு செய்யும் நோக்கம் கொண்ட நடத்தையோடு நிற்காமல், தீங்கில் போய் முடியும் நடத்தையையும் சேர்த்தே துன்புறுத்தல் என்கிறது. ஆறு பீரியட் வீணானது கணக்கு, யாரும் மறுக்க முடியாது. முடிவைப் படிப்பவரே எடுக்கட்டும்.

"ஓ, அப்படியா" போன்ற வார்த்தைகளை அப்படியே எழுதுவது முக்கியம். "அலட்சியமாகப் பதில் சொன்னார்" என்று நீங்கள் சுருக்கினால் அது உங்கள் கருத்தாகிவிடும்.

5. சான்றுகளைச் சேர்க்கும்போது சிக்கிக்கொள்ளாமல் இருக்க

ஸ்கிரீன்ஷாட் எடுப்பதாக இருந்தால் பெயர், தேதி, முன்னும் பின்னும் உள்ள செய்திகள் எல்லாம் தெரிய முழுதாக எடுங்கள். ஒரே வரியை வெட்டி எடுத்தால் "மேலே என்ன சொன்னேன்னு பாருங்க" என்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியவரே பிறகு செய்தியை அழிக்க முடியும், அதனால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதியைத் திறந்தால், எப்போது படிக்கப்பட்டது என்ற நேரம் தெரியும். எதிரில் உள்ளவர் படித்ததற்கான அடையாளத்தை அணைத்து வைத்திருந்தால் தனிச் செய்தியில் அது தெரியாது, அதை வைத்துப் படிக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். கூகுள் டிரைவில் உள்ள பொதுக் கோப்பு என்றால், திருத்தும் அனுமதி உள்ளவர்கள் பதிப்பு வரலாற்றைப் பார்க்கலாம். போர்ஷன் எந்தத் தேதியில் யாரால் மாற்றப்பட்டது என்பது அங்கே அப்படியே கிடக்கும். வெறும் பார்வையாளர் அனுமதி இருந்தால் அது தெரியாது, எனவே அனுமதி கேட்கும்போதே திருத்தும் அனுமதியாகக் கேளுங்கள்.

இனி, தொடக்கூடாதவை. ரகசியமாகக் குரல் பதிவு செய்யாதீர்கள். சில நாடுகளில் பேசுபவர்களில் ஒருவர் பதிவு செய்தால் குற்றமில்லை, சில நாடுகளில் எல்லோர் சம்மதமும் வேண்டும், சட்டம் அனுமதித்தாலும் பள்ளியின் நடத்தை விதி தடுக்கலாம். உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க நீங்களே காரணம் கொடுத்ததாக ஆகிவிடும். அடுத்தவர் மேஜையில் இருக்கும் தாளைப் படம் எடுப்பது, அவர்கள் குழுவில் இருக்கும் யாரோ ஒருவர் போனை வாங்கிப் பார்ப்பது, இதுவும் வேண்டாம். மாணவர் பெயர், மதிப்பெண் பட்டியல் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், "8-சி மாணவர் ஒருவர்" என்று எழுதினாலே போதும். மாணவரைச் சாட்சிக்கு இழுக்கவே கூடாது.

பள்ளி மின்னஞ்சலை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. வேலையை விட்டாலோ நிறுத்தினாலோ அன்றைக்கே கணக்கு மூடப்படலாம். மாணவர் விவரம் இல்லாத உங்கள் கோரிக்கைகளை மட்டும் அவ்வப்போது அச்செடுத்து வீட்டில் வையுங்கள். பள்ளி மின்னஞ்சலை வெளி முகவரிக்கு அனுப்பத் தடை இருக்கிறதா என்று பணி ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு, இருந்தால் அச்சு மட்டும்.

6. காலக்கெடுவும் செலவும்

நாட்குறிப்புக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. அது உங்கள் மாலை முழுவதையும் விழுங்கினால், தேவையில்லாததையும் எழுதுகிறீர்கள் என்று பொருள். பணச் செலவு நோட்டும் அச்சுத்தாளும்தான். வழக்கறிஞர் ஆலோசனை இந்தக் கட்டத்தில் தேவையில்லை, ஆசிரியர் சங்கம் இருந்தால் உறுப்பினராகச் சேருவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிரச்சினை தொடங்கிய பிறகு சேர்ந்தவருக்குப் பழைய விஷயத்தில் சங்கம் உதவாமல் போகலாம், சேரும்போதே அந்த விதியைக் கேட்டுவிடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை இரண்டு தேதிகளை முதல் வாரமே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் தகுதிகாண் பருவம் முடியும் தேதி. அதற்கு முந்தின வாரம் போய்ப் புகார் கொடுத்தால், வேலை போய்விடும் என்ற பயத்தில் கொடுத்தது போலவே தெரியும். இன்னொன்று, உங்கள் பணிவிதிகளில் புகார் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பது. சில இடங்களில் நிகழ்வு நடந்து இத்தனை நாளுக்குள் என்று வரையறை உண்டு. அது தெரியாமல் "எல்லாம் சேரட்டும்" என்று காத்திருந்தால் முக்கியமான நிகழ்வே கணக்கில் வராமல் போகும். என்னைக் கேட்டால், ஒரே மாதிரி நிகழ்வு மூன்று, எழுத்தில் கேட்ட கோரிக்கையோடு கைக்கு வந்ததும் பேசப் போகலாம். தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். 8-சி மதிப்பெண் குறைந்த பிறகு நீங்கள் சொல்வதெல்லாம் சாக்காகத்தான் கேட்கும், தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு சொன்னால் அதே வார்த்தை பொறுப்பாகக் கேட்கும்.

7. ஒரே பக்கத் தொகுப்போடு ஹெச்.எம்.மைப் பாருங்கள்

நோட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அதை யாரும் படிக்க மாட்டார்கள், அசலை ஒருபோதும் கையைவிட்டும் கொடுக்கக் கூடாது. ஒரு பக்கத்தில் நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை: கேட்ட பொருள், கேட்ட தேதிகள், வந்த பதில், வகுப்பில் விளைவு. பின்னால் மின்னஞ்சல் நகல்கள். கடைசியில், உங்களுக்கு என்ன வேண்டும் என்று இரண்டு வரி.

அந்த இரண்டு வரியில்தான் பலருக்குச் சறுக்கும். "அவங்களைக் கண்டிக்கணும்" என்று கேட்டால் ஹெச்.எம். பல வருஷம் கூட வேலை செய்தவர்களுக்கும் நேற்று வந்த உங்களுக்கும் நடுவே ஒரு பக்கம் நிற்க வேண்டியிருக்கும், அதைத் தவிர்க்கத்தான் பார்ப்பார். "போர்ஷன் மாற்றம் எல்லாம் துறையின் எல்லா ஆசிரியர்களுக்கும் மின்னஞ்சலில் வர வேண்டும், பொது ஃபோல்டருக்கு எனக்கு அனுமதி வேண்டும், லேப் சாவி அலுவலகத்தில் இருக்க வேண்டும்" என்று கேட்டால் அவரால் அன்றைக்கே உத்தரவு போட முடியும், யாரும் தோற்றதாகவும் ஆகாது. எனக்கு உண்மையில் கிடைத்ததும் இப்படிக் கேட்ட பிறகுதான். அந்தக் கூட்டத்தார் அதன் பிறகும் என்னோடு பேசவில்லை, ஆனால் போர்ஷன் தவறாமல் வந்தது.

சந்திப்புக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்ல முடியுமா என்று முன்னதாகக் கேளுங்கள். முடிந்த அன்று மாலை, "இன்று இவை பேசப்பட்டன, இவை ஒத்துக்கொள்ளப்பட்டன, இந்தத் தேதிக்குள்" என்று ஹெச்.எம்.முக்கே ஒரு மின்னஞ்சல். மூன்றாம் படியில் சொன்னதேதான், மேலிடத்துக்கும் அது பொருந்தும்.

8. அதன் பிறகு

புகார் போனது தெரிந்ததும் முதல் சில வாரங்கள் மோசமாகும், இதை எதிர்பார்த்தே இருங்கள். உங்களுக்கு மட்டும் சப்ஸ்டிட்யூஷன் கூடுகிறதா, திடீரென நோட்டுத் திருத்தலைச் சரிபார்க்க வருகிறார்களா, பழைய சின்ன விஷயத்துக்கு மெமோ வருகிறதா என்று பார்த்து, புகார் கொடுத்த தேதிக்கு முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி என்று அருகருகே எழுதுங்கள். சப்ஸ்டிட்யூஷன் பட்டியல் தினமும் ஒட்டப்படுவதால் எண்ணுவது சுலபம், உங்கள் பீரியட்களை மட்டும் நோட்டில் குறித்தால் போதும்.

மெமோ வந்தால் அதற்கான விளக்கத்தைக் குறிப்பிட்ட நாளுக்குள், நிதானமாக, ஒற்றைப் பக்கத்தில் கொடுங்கள். பழைய மின்னஞ்சலின் தேதியை மட்டும் மேற்கோள் காட்டி நகலை இணையுங்கள். கொடுத்ததற்கு அலுவலகத்தில் முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை போட மறுத்தால் அதே கடிதத்தை அங்கேயே நின்று மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டு, மறுத்தவர் யார், எத்தனை மணி என்று நோட்டில் எழுதுங்கள்.